மாக் 2-இல் ஒரு பத்து டிகிரி ஆப்பு

கான்கார்டு விமானம் 16 கிலோமீட்டர் உயரத்தில் ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில் பறந்தபோது, எதிரே வந்த காற்று நொடிக்கு 590 மீட்டர் வேகத்தில் அதன் என்ஜின் வாய்க்குள் புகுந்தது. என்ஜினுக்கு அந்த வேகம் ஆகாது. உள்ளே முதலில் சுழலும் அமுக்கித் தகடுகள் ஒலியின் வேகத்தில் ஏறக்குறைய பாதி வேகத்தில் வரும் காற்றை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. எனவே வாய்க்கும் என்ஜினுக்கும் இடையே உள்ள சில மீட்டர் நீளத்துக்குள் காற்றை அடக்கியாக வேண்டும். கான்கார்டில் இந்த வேலையைச் செய்தவை நுழைவாயிலின் மேற்புறம் இருந்த சாய்வுப் பலகைகள். பக்கவாட்டில் பார்த்தால் அவை ஆப்பு வடிவில் இருக்கும். காற்று ஆப்பின் கூர்முனையைத் தொட்ட இடத்திலிருந்து ஒரு சாய்ந்த கோடு பின்னோக்கிச் செல்லும். அதுதான் சாய்வு அதிர்ச்சி அலை.

சாய்வு எதற்கு, நேராக ஒரு சுவரைப் போல அதிர்ச்சி அலை நின்றால் காற்று ஒரே அடியில் அடங்கிவிடுமே என்று கேட்கலாம். அடங்கும். மாக் 2-இல் வரும் காற்று ஒரு நேர் அதிர்ச்சி அலையைக் கடந்தால் மாக் 0.58 ஆகிவிடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஓடும் காற்றை எந்த இழப்பும் இல்லாமல் மெதுவாக நிறுத்தினால் அது எட்டக்கூடிய அழுத்தத்தை மொத்த அழுத்தம் என்பார்கள். 16 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 10.35 கிலோபாஸ்கல்தான், தரைமட்டத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. மாக் 2 வேகத்தின் பலத்தால் அதை 81 கிலோபாஸ்கல் வரை உயர்த்தலாம். நேர் அதிர்ச்சி அலை வழியாகப் போனால் கிடைப்பது 58 மட்டுமே. நூற்றுக்கு 28 பங்கு வெப்பமாகக் கலைந்து வீணாகிறது. என்ஜினைப் பொறுத்தவரை அது எரிபொருளும் உந்துவிசையும்.

சாய்வான அலை இந்த விலையைக் குறைக்கிறது. எவ்வளவு குறைக்கிறது என்று கண்டுபிடிக்கக் கணினி தேவையில்லை. ஒரு வரைபடமும் ஓர் அட்டவணையும் ஒரு சைன் பொத்தானும் போதும். கணக்குப் போடுவதற்கு முன், அந்த அலை எப்படி நடந்துகொள்கிறது என்பதில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதிர்ச்சி அலைக்கு முன்னால் அழுத்தம் குறைவு, பின்னால் அதிகம். இந்த வேற்றுமை அலைக்கோட்டைக் குறுக்காகக் கடக்கும்போது மட்டுமே இருக்கிறது. கோட்டின் நெடுகே நகர்ந்தால் அழுத்தம் மாறுவதே இல்லை. ஆகவே காற்றின் வேகத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால், கோட்டுக்குச் செங்குத்தான பங்கு மட்டும் அடி வாங்கிக் குறைகிறது, கோட்டை ஒட்டிய பங்கு அப்படியே மிஞ்சுகிறது. ஒன்று குறைந்து மற்றது குறையாமல் இருந்தால் திசை திரும்பத்தானே வேண்டும்? காற்று திரும்புகிறது, சரியாக ஆப்பின் முகத்துக்கு இணையாக. சாய்வு அதிர்ச்சி அலையைப் பற்றிய மற்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருகின்றன. சாய்வு அலை என்பது காற்றின் ஒரு பங்குக்கு மட்டும் குறுக்கே நிற்கும் நேர் அலை, அவ்வளவுதான். அதனால்தான் நேர் அலைக்காகப் போட்ட அட்டவணையே இதற்கும் போதுமானதாக இருக்கிறது.

இந்தக் கணிதத்தை முதலில் முழுதாக எழுதியவர் தியோடர் மேயர். ஜெர்மனியின் கோட்டிங்கனில் லுட்விக் பிராண்டலிடம் படித்த அவர், 1908-இல் முனைவர் பட்ட ஆய்வேடாக அதைக் கொடுத்தார். ரைட் சகோதரர்களின் விமானம் பறக்கத் தொடங்கி ஐந்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. ஒலியை மிஞ்சும் விமானத்தை அன்று யாரும் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள். பின்னர் அந்த விமானங்கள் வந்துவிட்ட காலத்தில், 1953-இல், அமெரிக்காவின் நாக்கா அமைப்பின் ஏம்ஸ் ஆய்வகம் சமன்பாடுகள், அட்டவணைகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்து வெளியிட்டது. 1135 என்பது அந்த அறிக்கையின் எண். விண்வெளிப் பொறியியல் படித்தவர்களில் அந்த எண்ணைக் கேள்விப்படாதவர்கள் குறைவு.

நமக்கு வேண்டிய வரைபடத்தில் கிடைமட்ட அச்சில் இருப்பது θ, காற்று திரும்ப வேண்டிய கோணம். செங்குத்து அச்சில் இருப்பது β, வரும் காற்றின் திசைக்கும் அதிர்ச்சி அலைக்கும் இடைப்பட்ட கோணம். ஒவ்வொரு மாக் எண்ணுக்கும் ஒரு வளைகோடு. மாக் 2-க்கான கோட்டை விரலால் தொடர்ந்து பாருங்கள். θ சுழியாக இருக்கும் இடத்தில் அது 30 டிகிரியில் தொடங்குகிறது. மிக மெல்லிய ஊசி ஒன்று காற்றில் உண்டாக்கும் சிறு சலனம் பரவும் கோணம் அது, மாக் கோணம் என்று பெயர். ஆப்பு தடிக்கத் தடிக்கக் கோடு வலப்புறம் மேலேறுகிறது. 23 டிகிரியை எட்டியதும் முகம் திருப்பி இடப்புறம் வளைந்து, கடைசியில் 90 டிகிரியில், அதாவது நேர் அதிர்ச்சி அலையில் போய் முடிகிறது.

இப்போது கணக்கு. என்ஜின் வாயில் ஒரு பத்து டிகிரி சாய்வுப் பலகை. வரும் காற்று மாக் 2, வெப்பநிலை கழித்தல் 56.5 டிகிரி செல்சியஸ், அழுத்தம் முன்பு சொன்ன 10.35 கிலோபாஸ்கல். கிடைமட்ட அச்சில் 10-லிருந்து செங்குத்தாக மேலே போனால் மாக் 2 கோட்டை இரண்டு இடங்களில் வெட்டுவோம். கீழே 39.3 டிகிரியில், மேலே 83.7 டிகிரியில். இரண்டுமே சமன்பாட்டுக்குப் பொருந்தும் விடைகள். இயற்கை எதை எடுத்துக்கொள்ளும்? திறந்த வெளியில் ஆப்பின் முனையில் ஒட்டி நிற்கும் அலை கீழ் விடையைத்தான் எடுக்கும். அதை வலிமை குறைந்த விடை என்பார்கள். பின்னாலிருந்து யாராவது அழுத்தத்தைக் கூட்டித் தள்ளினால்தான், உதாரணமாக ஒரு குழாயின் மறுமுனையை அடைத்தால்தான், மேல் விடை வரும். ஆகவே β 39.3 டிகிரி.

அடுத்தது செங்குத்துப் பங்கு. 2-ஐ சைன் 39.3-ஆல் பெருக்கினால் 1.267. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு நேர் அதிர்ச்சி அலை அட்டவணைக்குப் போக வேண்டும். அங்கே 1.26, 1.27 என்ற வரிகளுக்கு நடுவே படித்தால், அழுத்தம் 1.71 மடங்கு, அடர்த்தி 1.46 மடங்கு, கெல்வினில் அளந்த வெப்பநிலை 1.17 மடங்கு, மொத்த அழுத்தத்தில் மிஞ்சுவது 0.985 பங்கு. அலையைக் கடந்த பின் செங்குத்துப் பங்கின் மாக் எண் 0.803.

இங்கேதான் மாணவர்கள் வழுக்கி விழுகிறார்கள். 0.803 என்பதைப் பார்த்ததும், காற்று ஒலிக்குக் கீழே போய்விட்டது என்று எழுதிவிடுவார்கள். அது ஒரு பங்கின் மாக் எண் மட்டுமே. அலையை ஒட்டி ஓடும் பங்கு குறையாமல் அப்படியே இருக்கிறது. முழு மாக் எண் வேண்டுமென்றால், திரும்பிய காற்றுக்கும் அலைக்கும் இடைப்பட்ட கோணமான 39.3 கழித்தல் 10, அதாவது 29.3 டிகிரியின் சைனால் 0.803-ஐ வகுக்க வேண்டும். விடை 1.64. காற்று இன்னமும் ஒலியை மிஞ்சித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றே வரிக் கணக்கு:

```
Mn1 = M1 sin β       = 2 × sin 39.3°      = 1.267
Mn2 (அட்டவணையிலிருந்து)                    = 0.803
M2  = Mn2 / sin(β−θ) = 0.803 / sin 29.3°  = 1.64
```

ஆக, அலைக்குப் பின்னால் அழுத்தம் சுமார் 17.7 கிலோபாஸ்கல். வெப்பநிலை 216.7 கெல்வினிலிருந்து 253.5-க்கு ஏறுகிறது, அதாவது கழித்தல் 20 டிகிரி செல்சியஸ் அளவு. அந்த வெப்பநிலையில் ஒலியின் வேகம் நொடிக்கு 319 மீட்டர் என்பதால் காற்றின் வேகம் 524 மீட்டர்.

விடை சரியா என்று சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. முன்னால் 590 மீட்டர் வேகத்தை கொசைன் 39.3-ஆல் பெருக்குங்கள், பின்னால் 524-ஐ கொசைன் 29.3-ஆல் பெருக்குங்கள். இரண்டும் 457-ஐ ஒட்டி வருகின்றன. அலையை ஒட்டிய பங்கு மாறாது என்று முதலில் சொன்னோமே, அதேதான். இந்த இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. தேர்வு எழுதுகிறவர்கள் அரை நிமிடம் ஒதுக்கி இதைச் செய்யலாம், பலர் செய்வதில்லை.

வேறு இரண்டு தவறுகளும் அடிக்கடி வரும். ஆப்பின் முழுக் கோணம் 20 டிகிரி என்று கொடுத்திருந்தால் சிலர் 20-ஐயே வரைபடத்தில் தேடுவார்கள். ஆப்பு காற்றுக்கு நேராக நின்றால் ஒவ்வொரு பக்கமும் காற்றைத் திருப்புவது பாதிக் கோணம், 10 டிகிரிதான். 20 என்று எடுத்துவிட்டால் அழுத்தம் 1.71 மடங்குக்குப் பதில் 2.84 மடங்கு என்று வந்து தொலைக்கும். இன்னொன்று நுட்பமானது. நேர் அலை அட்டவணையில், பின்னால் உள்ள மொத்த அழுத்தத்தை முன்னால் உள்ள சாதாரண அழுத்தத்தோடு ஒப்பிடும் ஒரு பத்தியும் இருக்கும். அதைச் சாய்வு அலைக்குப் பயன்படுத்தக் கூடாது. மொத்த அழுத்தம் என்பது முழு வேகத்தையும் சேர்த்த கணக்கு, செங்குத்துப் பங்கை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. ஆனால் பின்னால் உள்ள மொத்த அழுத்தத்தை முன்னால் உள்ள மொத்த அழுத்தத்தோடு ஒப்பிடும் பத்தி சரியாகவே வேலை செய்யும். நாம் 0.985-ஐ எடுத்தது அங்கிருந்துதான்.

வரைபடத்தைக் கண்ணால் படிப்பதில் எவ்வளவு பிழை வரும்? β-வை 39.3-க்குப் பதில் 39 என்று படித்துவிட்டால் அழுத்தம் 1.71-க்குப் பதில் 1.68 மடங்கு என்று வரும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு வித்தியாசம். முதல் மதிப்பீட்டுக்கு இது போதும். இறுதி வடிவமைப்புக்கு வேண்டுமென்றால், படித்த கோணத்தைத் தொடக்கமாக வைத்து, கீழே உள்ள சமன்பாட்டில் β-வைச் சிறிது சிறிதாக மாற்றி θ சரியாக 10 வரும்வரை சீர்செய்யலாம். காற்றுக்கு γ 1.4.

```
tan θ = 2 cot β (M1² sin²β − 1) / (M1² (γ + cos 2β) + 2)
```

இப்போது என்ஜின் வாய்க்குத் திரும்புவோம். பத்து டிகிரிப் பலகை காற்றை மாக் 1.64-க்குக் கொண்டுவந்துவிட்டது, செலவு நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான். இப்போது ஒரு நேர் அலையை நிறுத்தினால் அது மாக் 1.64-இல் 0.88 பங்கை மிச்சம் வைக்கும். இரண்டையும் பெருக்கினால் 0.866. அதாவது 58 கிலோபாஸ்கலுக்குப் பதில் 70. இன்னும் பத்து டிகிரி மடங்கிய இரண்டாவது பலகையைச் சேர்த்தால்? மாக் 1.64 கோட்டுக்கும் 10 டிகிரிக்கும் வரைபடம் சொல்லும் β சுமார் 49.4. இந்தக் கோணத்தை முதல் பலகைக்குப் பின் ஓடும் காற்றின் திசையிலிருந்து அளக்க வேண்டும், விமானத்தின் நேர்கோட்டிலிருந்து அல்ல. முன்பு போலவே கணக்கிட்டால் மாக் 1.28 வருகிறது. அங்கே நேர் அலையை நிறுத்தினால் மூன்று அலைகளுக்கும் சேர்த்து மிஞ்சுவது 0.955. 81-இல் 77 கிலோபாஸ்கல் கைக்கு வந்துவிடுகிறது. ஒரே அடியில் நிறுத்தியதற்கும் மூன்று படியாக இறக்கியதற்கும் உள்ள வித்தியாசம் 19 கிலோபாஸ்கல். கான்கார்டின் உண்மையான நுழைவாயில் இதைவிடச் சிக்கலானது, பலகைகளின் கோணம் பறக்கும்போதே கணினிக் கட்டுப்பாட்டில் மாறும். ஆனால் அதற்குப் பின்னால் உள்ள நியாயம் இந்தக் கணக்குதான்.

கோணம் ஏன் மாற வேண்டும் என்பதற்கான பதிலும் அதே வரைபடத்தில் இருக்கிறது. மாக் 2 கோடு 23 டிகிரியில் திரும்பிவிடுகிறது என்று சொன்னேன். 25 டிகிரி ஆப்பை வைத்தால் செங்குத்துக் கோடு வளைகோட்டைத் தொடவே தொடாது. விடை இல்லை என்றால் அலை இல்லை என்று பொருளல்ல. ஒட்டி நிற்கும் நேரான அலைக்கு இடமில்லை என்று பொருள். அலை முனையிலிருந்து கழன்று, வில்லைப் போல வளைந்து, சற்று முன்னால் போய் நிற்கும். அதன் நடுப்பகுதி கிட்டத்தட்ட நேர் அலை, எனவே இழப்பும் அதற்கேற்ப அதிகம். தடித்த ஆப்பால் மட்டுமல்ல, வேகம் குறைந்தாலும் இதே கதி நேரும். நம்முடைய பத்து டிகிரிப் பலகையையே எடுத்துக்கொண்டால், விமானத்தின் வேகம் மாக் 1.42 அளவுக்குக் கீழே இறங்கியதும் அலை கழன்றுவிடும். மாக் 2-க்குப் பொருத்தமான கோணம் மாக் 1.3-க்குப் பொருந்தாது. வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் 45.6 டிகிரிக்கு மேற்பட்ட ஆப்பில் அலை ஒட்டி நிற்காது என்பதும் அந்த வரைபடத்தின் வலது ஓரத்தில் தெரியும்.

இந்த வரைபடத்தைத் திருப்பியும் படிக்கலாம். ஆய்வகங்களில் நான் அதிகம் ரசிப்பது இந்தத் தலைகீழ்ப் பயன்பாட்டைத்தான். ஒலியை மிஞ்சும் காற்றுச் சுரங்கத்தில் ஓடும் காற்றின் மாக் எண்ணைக் கண்டறிய, கோணம் தெரிந்த ஓர் ஆப்பை உள்ளே நிறுத்துவார்கள். காற்றின் அடர்த்தி மாறும் இடத்தில் ஒளி சற்று வளையும். அந்த வளைவைக் கருப்பு வெள்ளைக் கோடுகளாகப் படம் பிடிக்கும் ஷ்லீரன் முறையை ஜெர்மானியரான ஆகஸ்ட் டோப்லர் 1860-களிலேயே கண்டுபிடித்துவிட்டார். 1880-களில் எர்ன்ஸ்ட் மாக், பீட்டர் சால்ஷர் இருவரும் பறக்கும் துப்பாக்கிக் குண்டின் அதிர்ச்சி அலையை உலகுக்குக் காட்டியதும் இதே முறையால்தான். படத்தில் அலைக்கோட்டின் மேல் கோணமானியை வைத்தால் β தெரிந்துவிடும். பத்து டிகிரி அரைக்கோண ஆப்பில் அலை 45 டிகிரியில் நின்றால், வரைபடத்தில் 10-உம் 45-உம் சந்திக்கும் புள்ளி மாக் 1.77 கோட்டில் இருக்கும். காற்றுக்குள் அந்த ஆப்பைத் தவிர வேறு எதையும் செருகி அளக்காமல் அதன் மாக் எண் கிடைத்துவிடுகிறது. அலை ஆப்பின் இருபுறமும் ஒரே கோணத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது அவசியம். நிற்கவில்லை என்றால் ஆப்பு காற்றுக்குச் சற்றுச் சாய்ந்து பொருத்தப்பட்டிருக்கிறது.

வரைபடம் பொய்க்கும் இடங்களும் உண்டு. அது தட்டையான ஆப்புக்கு வரைந்தது, கூம்புக்கு அல்ல. கூம்பைச் சுற்றிக் காற்று எல்லாப் பக்கமும் விரிந்து ஒதுங்க முடியும் என்பதால் அலை வலுவிழக்கும். மாக் 2-இல் பத்து டிகிரி அரைக்கோணக் கூம்பின் அலை 31 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும், ஆப்புக்கு வந்தது 39.3. எஸ்ஆர்-71 உளவு விமானத்தின் என்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கூம்பு முனைக்கு ஆப்பு வரைபடத்தைப் பயன்படுத்தினால் விடை முழுக்கத் தவறாகிவிடும். கூம்புக்கென்று தனி வரைபடங்கள் அதே அறிக்கையில் இருக்கின்றன. மாக் 5-ஐத் தாண்டிப் போகும்போது காற்று மிகவும் சூடாகி, γ 1.4 என்ற அனுமானமும் மெல்ல ஆட்டம் காணத் தொடங்கும்.

மற்றொரு குறை சுவரை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம். சுவரைத் தொடும் காற்று உராய்வால் மெதுவாகத்தான் ஓடும். அந்தப் படலம் தடித்தால் ஆப்பின் முகமே சற்றுத் தடித்தது போல ஆகி, அலை வரைபடம் சொன்னதைவிட ஓரிரு பங்கு டிகிரி கூடுதலாக நிற்கும். அலை எதிர்ச்சுவரில் போய் மோதும் இடத்தில் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே படலத்துக்குள் ஒலிக்குக் குறைந்த வேகத்தில் ஓடும் அடுக்கு ஒன்று இருப்பதால், பின்னால் ஏறிய அழுத்தம் அதன் வழியே முன்னோக்கிக் கசிந்து, படலத்தைச் சுவரிலிருந்து பிய்த்துவிடக்கூடும். 1950-களின் தொடக்கத்தில் இந்த மோதலை ஆராய்ந்து நாக்கா அறிக்கையாக எழுதிய மூவரில் ஒருவர் சதீஷ் தவான். ஹான்ஸ் லீப்மான், அனடோல் ரோஷ்கோ மற்ற இருவர். பின்னாளில் இஸ்ரோவின் தலைவரானவர், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இன்று தாங்கும் பெயருக்குரியவர் அவர்தான். ராக்கெட்டுகளுக்கு வருமுன் அவர் படித்தது இப்படிப்பட்ட சாய்ந்த கோடுகளைத்தான்.

1135-ஆம் எண் அறிக்கையை நாசாவின் இணையக் களஞ்சியத்தில் யாரும் இலவசமாகத் தரவிறக்கலாம். எடுத்துவைத்துக்கொண்டு மாக் 3, பதினைந்து டிகிரி ஆப்புக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். β 32.2 டிகிரி, அழுத்தம் 2.82 மடங்கு, பின்னால் மாக் 2.25 என்று வந்தால் நீங்கள் சரியாகப் படித்திருக்கிறீர்கள்.